ஒரு சமக்குறி மாற்றும் விடை

வணக்கம். அல்காரிதம் பாடத்தில் தேர்வு எழுதப்போகிற மாணவர்கள் பலர் ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். இடது பக்கம் சார்டிங் முறைகளின் பெயர்கள். பக்கத்தில் பெஸ்ட் கேஸ், வொர்ஸ்ட் கேஸ், கடைசியில் ஸ்டேபிளா இல்லையா என்று ஒரு டிக் அல்லது எக்ஸ். அட்டவணை தப்பில்லை. ஆனால் அதில் இருப்பது பெயருக்கான விடை. வினாத்தாளில் வருவது பெரும்பாலும் எழுதப்பட்ட ஒரு நிரலோ, ஒரு குறிப்பிட்ட பட்டியலோதான். அங்கே பெயரை மட்டும் பார்த்து விடை எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

முதலில் ஸ்டேபிள் என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று மாணவர்கள், அகரவரிசையில்: அமுதா 70, கவிதா 70, மணி 60. இவர்களை மதிப்பெண்படி சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். மணி முதலில் வருவார், அதில் சிக்கல் இல்லை. அமுதாவும் கவிதாவும் ஒரே மதிப்பெண். முன்பு அமுதா முன்னால், கவிதா பின்னால் இருந்தார்கள். அடுக்கி முடித்த பிறகும் அப்படியே இருந்தால், எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் இது நடக்கும் என்றால், அந்த முறை ஸ்டேபிள்.

இப்போது ஒரு தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். செலக்ஷன் சார்ட் என்ன செய்யும்? மிகச் சிறியதைத் தேடி முதல் இடத்தில் இருப்பதோடு இடம் மாற்றும். மிகச் சிறியது மணி. முதல் இடத்தில் அமுதா. இரண்டு பேரும் இடம் மாறுகிறார்கள். இப்போது வரிசை மணி, கவிதா, அமுதா. மதிப்பெண் அடுக்கு சரி, ஆனால் கவிதா அமுதாவுக்கு முன்னால் வந்துவிட்டார். அமுதாவையும் கவிதாவையும் ஒருவருக்கொருவர் யாரும் இடம் மாற்றவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மணிக்கு இடம் விடுவதற்காக அமுதா கவிதாவைத் தாண்டிக் கடைசிக்குப் போய்விட்டார். தூரமாகத் தூக்கிப் போடுகிற முறைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. வழக்கமாக எழுதப்படும் குவிக் சார்ட்டும் ஹீப் சார்ட்டும் ஸ்டேபிள் இல்லாமல் போவதும் இதனால்தான்.

தேர்வில் 'ஸ்டேபிள் இல்லை என்று நிறுவுக' என்று கேட்டால் இந்த மூன்று பேர் போதும். ஒரே ஒரு எதிர் உதாரணம் முழு விடை. ஆனால் ஸ்டேபிள் என்று நிறுவ உதாரணம் உதவாது. பத்துப் பட்டியலில் சரியாக வந்தது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. சமமான இரண்டு பேர் ஒருவரை ஒருவர் ஏன் தாண்டவே முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணத்தை இன்சர்ஷன் சார்ட்டில் பார்க்கலாம். புதிதாக ஒருவரை எடுத்து, இடது பக்கம் இருப்பவர் இவரை விடப் பெரியவரா என்று கேட்கிறோம். பெரியவர் என்றால் அவரை ஒரு இடம் வலது பக்கம் நகர்த்துகிறோம். சமம் என்றால் நின்றுவிடுகிறோம். ஆகவே சமமானவரைத் தாண்டிப் போக வழியே இல்லை. இந்த இரண்டு வாக்கியந்தான் நிறுவல்.

ஆனால் 'பெரியவரா' என்ற கேள்வியை 'பெரியவரா அல்லது சமமானவரா' என்று மாற்றிப் பாருங்கள். நிரலில் > என்ற குறி >= ஆகிவிட்டது, அவ்வளவுதான். அடுக்கு அப்போதும் சரியாகவே வரும், அதனால் நிரலை ஓட்டிப் பார்த்தாலும் பிழை தெரியாது. ஆனால் கவிதா அமுதாவைத் தாண்டி முன்னால் போய்விடுவார். பெயர் அதே இன்சர்ஷன் சார்ட், இப்போது ஸ்டேபிள் இல்லை.

இதற்கு இன்னொரு விளைவும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேரும் 70 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான நிரலில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஒப்பீடு, மொத்தம் 4. அதாவது n-1, இதுதான் பெஸ்ட் கேஸ். சமக்குறி சேர்ந்த நிரலில் ஒவ்வொருவரும் முன்னால் உள்ள எல்லோரையும் தாண்டி முதல் இடத்துக்குப் போவார். 1, 2, 3, 4 என்று கூட்டினால் 10 ஒப்பீடு. n(n-1)/2, அதாவது வொர்ஸ்ட் கேஸ். ஒரே பட்டியல், ஒரு குறி வேறுபாடு, பெஸ்ட் கேஸ் வொர்ஸ்ட் கேஸாகப் புரண்டுவிட்டது.

சரி, பெஸ்ட் கேஸ் என்று சொன்னோமே, அதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'பெஸ்ட் கேஸ் என்றால் பட்டியலில் ஒரே ஒருவர் இருப்பது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. எண்ணிக்கை n மாறாது. அந்த n பேரை எந்த வரிசையில் கொடுத்தால் வேலை குறைவு, எந்த வரிசையில் கொடுத்தால் வேலை அதிகம் என்பதுதான் கேள்வி. மெர்ஜ் சார்ட்டில் இரண்டுமே n log n அளவுதான், ஆனால் அதனால் ஒப்பீட்டு எண்ணிக்கை மாறவே மாறாது என்று எண்ண வேண்டாம். 8 பேருக்குக் குறைந்தது 12 ஒப்பீடு, அதிகபட்சம் 17. வளர்ச்சி வேகம் ஒன்று, எண்ணிக்கை வேறு. வினா எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். மெர்ஜ் சார்ட் ஸ்டேபிள் ஆவதும் ஒரு சமக்குறியால்தான்: அடுக்கிய இரண்டு பாதிகளை ஒன்று சேர்க்கும்போது சமமாக வந்தால் இடது பாதியிலிருந்து எடுக்க வேண்டும்.

குவிக் சார்ட்டுக்கு வருவோம். பிவட் என்று ஒரு உறுப்பை எடுத்து, அதை விடச் சிறியதை இடது பக்கமும் பெரியதை வலது பக்கமும் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி இதே மாதிரி அடுக்குகிற முறை அது. 2014 கேட் தேர்வில் வந்த கேள்வி இது. முதல் உறுப்பைப் பிவட்டாக எடுக்கும் குவிக் சார்ட்டுக்கு 1, 2, 3, 4, 5 என்ற பட்டியலையும், 4, 1, 5, 3, 2 என்ற பட்டியலையும் கொடுத்தால் எதற்கு ஒப்பீடு அதிகம்? ஏற்கெனவே அடுக்கி இருப்பதற்கு வேலை குறைவு என்றுதான் மனம் சொல்லும். போட்டுப் பார்ப்போம். முதல் பட்டியலில் பிவட் 1. மற்ற நான்கோடு ஒப்பிட்டால் எல்லாம் வலது பக்கம் போகின்றன, இடது பக்கம் காலி. அடுத்து 2 பிவட், மூன்று ஒப்பீடு. இப்படியே 4, 3, 2, 1 கூட்டினால் 10. இரண்டாவதில் பிவட் 4. நான்கு ஒப்பீட்டில் இடது பக்கம் 1, 3, 2. வலது பக்கம் 5 மட்டும். இடது பக்கத்தில் பிவட் 1, இரண்டு ஒப்பீடு. மீதி 3, 2, ஒரு ஒப்பீடு. மொத்தம் 7. பிரிக்கும்போது இடது பக்கத்து உறுப்புகள் வேறு வரிசையில் விழுந்தால் 6 ஆகவும் வரலாம். எப்படிப் போனாலும் முதல் பட்டியல்தான் அதிகம்.

இன்சர்ஷன் சார்ட்டுக்குப் பெஸ்ட் கேஸான அதே வரிசை இங்கே வொர்ஸ்ட் கேஸ். ஆனால் 'அடுக்கிய பட்டியல் குவிக் சார்ட்டுக்கு வொர்ஸ்ட் கேஸ்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். நடு உறுப்பைப் பிவட்டாக எடுத்தால் அதே பட்டியல் ஒவ்வொரு முறையும் பாதி பாதியாகப் பிரியும், பெஸ்ட் கேஸ் ஆகிவிடும். பிவட் எது என்று சொல்லாமல் இந்த விடை பாதிதான்.

பபுள் சார்ட்டிலும் இதே கதை. ஒரு சுற்றில் யாரும் இடம் மாறவில்லை என்றால் நிறுத்து என்கிற சோதனை நிரலில் இருந்தால்தான் பெஸ்ட் கேஸ் n. அது இல்லை என்றால் அடுக்கிய பட்டியலுக்கும் n வர்க்கம்.

கடைசியாக ஒரு துணைக்கேள்வி அடிக்கடி வரும்: ஸ்டேபிள் இல்லாத முறையை ஸ்டேபிள் ஆக்க முடியுமா? முடியும். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் இருந்த இட எண்ணைச் சேர்த்து வைத்து, மதிப்பெண் சமமானால் இட எண்ணை ஒப்பிடச் சொன்னால் போதும். விலை, n அளவுக்குக் கூடுதல் நினைவகம். செலக்ஷன் சார்ட்டுக்கு அதுவும் வேண்டாம். சமமானவர்களில் முதலில் வருபவரைத் தேர்ந்தெடுத்து, இடம் மாற்றுவதற்குப் பதிலாக நடுவில் இருப்பவர்களை ஒவ்வோர் இடமாக நகர்த்தி அவரைச் செருகினால், மணி முதலில் வருவார், அமுதாவும் கவிதாவும் வரிசை மாறாமல் பின்னால் நிற்பார்கள். நகர்த்தும் வேலை அதிகமாகும், ஒப்பீடு அதிகமாகாது. லிங்க்டு லிஸ்ட்டாக இருந்தால் நகர்த்தும் வேலையும் இல்லை, இரண்டு மூன்று இணைப்புகளை மாற்றினால் முடிந்தது. நன்றி, வணக்கம்.