செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு வெளியேறுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நிஃப்டியின் வாராந்திர ஆப்ஷன்கள் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் முடிவடைகின்றன. அன்று ஆப்ஷனை விற்பவருக்கு நேரம் கரையக் கரைய லாபம். ஆனால், பிரீமியத்தை வேகமாகக் கரைக்கும் அதே கடைசி மணி நேரங்கள்தான் காமாவையும் ஏற்றிவிடுகின்றன. குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பது டெல்டா. அந்த டெல்டா எவ்வளவு விரைவாக மாறும் என்பது காமா.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காலை பத்து மணி, நிஃப்டி 25,000 என்று வைத்துக்கொள்வோம். 25,000 கால், புட் இரண்டும் தலா 65 ரூபாய். இரண்டையும் விற்றால் 130 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்பே 25,150 கால் ஆப்ஷனையும் 24,850 புட் ஆப்ஷனையும் தலா 15 ரூபாய்க்கு வாங்கிவிட வேண்டும். மாறாமல் பின்பற்ற வேண்டிய வரிசை இது: வாங்குவது முதலில், விற்பது பிறகு. கையில் நிற்பது 100 புள்ளிகள். குறியீடு எவ்வளவு பாய்ந்தாலும் இழப்பு 50 புள்ளிகளைத் தாண்டாது. அந்த 30 ரூபாயை வீண்செலவு என்று நினைப்பவர்கள் ஆப்ஷன் விற்காமல் இருப்பதே நல்லது.

நிஃப்டி அசையாமல் இருந்தால், மதியம் இரண்டு மணிக்கு விற்ற இரண்டும் சேர்ந்து சுமார் 60 ரூபாய்க்கு வந்திருக்கும். வாங்கியவை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போயிருக்கும். லாபம் 40 புள்ளிகள். மீதி 60 புள்ளிகள் இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் கிடைக்கும் என்பதுதான் ஆசை காட்டும் இடம். காலையில் 50 புள்ளி ஏற்றம் காலின் டெல்டாவை 0.50இலிருந்து சுமார் 0.62ஆக்கும், இரண்டரை மணிக்கு அதே ஏற்றம் அதை 0.80ஆக்கிவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு புள்ளியும் விற்றவர் பையிலிருந்து ஏறக்குறைய முழுதாகப் போகிறது. அதனால் நான் இரண்டு மணிக்கு முடித்துக்கொள்கிறேன். விற்றதை முதலில் திரும்ப வாங்குவேன்; காப்புக்காக வாங்கியதை அதன்பிறகே விற்பேன். காப்பு முதலில் போனால் மார்ஜின் சட்டென்று எகிறும்.

அதற்கு முன்பே நிஃப்டி 24,900ஐயோ 25,100ஐயோ தொட்டால், ஸ்டிரைக்கை மாற்றி நகர்த்திக்கொண்டிராமல் முழுவதையும் மூடிவிட வேண்டும். இன்னொரு அறிகுறியும் உண்டு: குறியீடு அரை மணி நேரமாக அதே இடத்தில் நிற்கிறது, ஆனால் கால், புட் விலைகளின் கூட்டுத்தொகை குறையவில்லை. சந்தை ஒரு பெரிய நகர்வை எதிர்பார்க்கிறது என்று பொருள், அங்கேயும் வெளியேறலாம்.

மூன்று மணிக்குப் பிறகும் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீர்வு விலை கடைசி நொடியில் திரையில் தெரியும் நிஃப்டி அல்ல. கடைசி அரை மணி நேரத்தில் நிஃப்டியின் பங்குகள் கைமாறிய விலைகளின் எடையிட்ட சராசரியிலிருந்து வருவது. 3.25க்குக் குறியீடு 40 புள்ளி பாய்ந்தாலும் அந்தச் சராசரி சிறிதளவே அசையும்.