250 ரூபாய்க்குக் கிடைத்த ஆர்டர், யாருடைய ஆர்டர்?

(திரையில்: இரண்டு கேம்பெயின்களின் கணக்கு, அருகருகே)

ஆன்லைனில் செக்கு எண்ணெய் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விளம்பரக் கேம்பெயின் ஓடுகிறது, மாதம் ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் செலவு. முதலாவதில் 200 ஆர்டர், அதாவது ஆர்டருக்கு 250 ரூபாய். இரண்டாவதில் 100 ஆர்டர்தான், ஆர்டருக்கு 500 ரூபாய். இதை மட்டும் பார்த்தால் இரண்டாவதை நிறுத்தத்தான் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். முதலாவதில் வந்த 200 பேரில் 160 பேர் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்கள் என்றால்? புதியவர்கள் 40 பேர்தான். 50,000-ஐ நாற்பதால் வகுத்தால், ஒரு புது வாடிக்கையாளருக்கு 1,250 ரூபாய். இரண்டாவதில் 80 பேர் புதியவர்கள் என்றால் 625 ரூபாய். எது மலிவு என்பதே தலைகீழாகிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது? யார் வாங்க வாய்ப்பு அதிகமோ, அவர்களிடம்தான் விளம்பரத் தளம் விளம்பரத்தைக் கொண்டுபோகும். வீட்டில் எண்ணெய் தீரும் நேரத்தில் உங்கள் தளத்துக்கு வந்து போனவரைவிட நல்ல ஆள் அதற்குக் கிடைக்காது. அவர் எப்படியும் வாங்கியிருப்பார். நடுவில் ஒரு விளம்பரத்தைத் தட்டியதால் ஆர்டர் அதன் கணக்கில் ஏறுகிறது. உங்கள் கடைப் பெயரையே கூகுளில் தேடி வருபவர்களிடமும் இதேதான் நடக்கிறது.

(திரையில்: ஆர்டர் பட்டியல். B-யில் போன் நம்பர், C-யில் ஆர்டர் தேதியும் நேரமும்)

சரி, எப்படிப் பிரிப்பது? கடை தொடங்கிய நாள் முதலான எல்லா ஆர்டரையும் ஷீட்டில் இறக்குங்கள். கடைசி மூன்று மாதம் மட்டும் எடுத்தால், போன வருடம் வாங்கியவர்கூடப் புதியவராகத் தெரிவார். அப்புறம் இந்த ஃபார்முலா:

```
=IF(COUNTIFS(B:B,B2,C:C,"<"&C2)=0,"புது","பழைய")
```

இதே நம்பரில் இதற்கு முன் ஓர் ஆர்டர் இருக்கிறதா என்று மட்டும்தான் இது பார்க்கிறது. அதனால் நம்பர்களை முதலில் சுத்தம் செய்யுங்கள்: +91, முன்னால் வரும் பூஜ்யம், இடைவெளி எல்லாம் போய் பத்து இலக்கம் மட்டும் நிற்கட்டும். கேஷ் ஆன் டெலிவரியில் பலர் இமெயில் தருவதில்லை. நம் ஊரில் போன் நம்பர்தான் நம்பகமான அடையாளம். கணவர் நம்பரில் ஒரு தடவை, மனைவி நம்பரில் ஒரு தடவை வாங்கும் வீடுகள் தப்பிப்போகும். ஆகவே உண்மையான புதியவர்கள், ஷீட் சொல்வதைவிடச் சற்றுக் குறைவாகவே இருப்பார்கள்.

விளம்பர லிங்க்கில் கேம்பெயின் பெயரைச் சுமந்து வரும் utm_campaign ஆர்டரோடு பதிவாகியிருந்தால், கேம்பெயின் வாரியாகப் புதியவர்களை எண்ணிவிடலாம். விளம்பரத் தளம் காட்டும் ஆர்டர் எண்ணிக்கையோடு இது ஒத்துவராது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தட்டாமலே வாங்கியவர்களையும் தளம் சேர்த்துக்கொள்ளக்கூடும். மொத்தத்தை விடுங்கள், புதியவர்களின் விகிதத்தைப் பாருங்கள்.

மெட்டாவில் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றி, விளம்பரக் கணக்கின் அமைப்புகளில் பழைய வாடிக்கையாளர்கள் யார் என்று குறித்துவிட்டால், Breakdown-இல் Audience segments வழியாகவும் இந்தப் பிரிவைப் பார்க்கலாம். ஏற்றிய நம்பர்கள் எல்லாமே அங்குள்ள கணக்குகளோடு பொருந்திவிடாது. பொருந்தாத பழைய ஆள் அங்கே புதியவராகவே எண்ணப்படுவார். இரண்டும் முரண்பட்டால் நான் ஷீட்டைத்தான் நம்புவேன்.