இறங்கும் விமானம் ஏன் மிதக்கிறது?

அவையோருக்கு வணக்கம். ஓடுபாதைக்கு மேல் ஓராள் உயரத்திற்கு வந்துவிட்ட விமானம், இன்ஜினின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை விமானி முழுவதும் குறைத்த பிறகும் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போவதை உங்களில் பலர் கவனித்திருப்பீர்கள். இறக்கைக்கும் தரைக்கும் நடுவே அகப்பட்ட காற்று மெத்தைபோல விமானத்தைத் தாங்குகிறது என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் முதன்மையான காரணம் அதுவல்ல. தரை விமானத்தைத் தாங்குவதைக் காட்டிலும், அதன் வேகத்தைக் குறைக்கும் விசையில் ஒரு பகுதியை நீக்கிவிடுகிறது என்பதே சரி.

பறக்கும் இறக்கையின் அடியில் அழுத்தம் கூடுதலாகவும் மேலே குறைவாகவும் இருப்பதால், இறக்கையின் இரு நுனிகளிலும் காற்று கீழிருந்து மேலாகச் சுற்றிக்கொண்டு ஏறி, பின்னால் நீண்ட சுழல்களாகப் பிரிகிறது. இந்தச் சுழல்கள் இறக்கையைக் கடக்கும் காற்றைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்ப்பதால், தூக்குவிசையும் அதே அளவுக்குப் பின்னோக்கிச் சாய்கிறது. அவ்வாறு சாய்ந்த பகுதியைத்தான் தூண்டல் இழுவிசை என்கிறோம். விமானம் மெதுவாகப் பறக்கும்போதுதான் இது மிகுதி. தரை அருகில் வந்ததும் காற்று கீழ்நோக்கிப் போக இடமில்லாமல் போகிறது, சுழல்களும் முழுமையாக உருவாவதில்லை. அதனால் அந்தச் சாய்வு குறைகிறது. இறக்கை அதே கோணத்தில் இருந்தும் தூக்குவிசை சிறிது கூடுகிறது, இழுவிசை குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பது, இறக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரையிலான அதன் முழு நீளத்தோடு ஒப்பிடுவதைப் பொறுத்தது. உயரமும் நீளமும் சமமாக இருக்கையில் தூண்டல் இழுவிசை ஒன்றரை விழுக்காடுகூடக் குறைவதில்லை. நீளத்தில் நான்கில் ஒரு பங்கு உயரத்திற்கு வந்தால் ஏறத்தாழ 23 விழுக்காடும், பத்தில் ஒரு பங்குக்கு வந்தால் ஏறத்தாழ 48 விழுக்காடும் குறைந்துவிடுகிறது. 11 மீட்டர் இறக்கை கொண்ட ஒரு சிறு பயிற்சி விமானத்துக்கு, அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். இறக்கை உடலுக்கு அடியில் பொருத்தப்பட்ட விமானம் இந்த உயரத்தை எளிதில் எட்டிவிடும். மேலே பொருத்தப்பட்டதோ, சக்கரம் தரையைத் தொடும்போதுகூட இறக்கையை இரண்டு மீட்டருக்கு மேல் வைத்திருக்கும். முன்னது கூடுதலாக மிதப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டரில், வந்திருக்க வேண்டிய விமானம் 70 நாட்டில் ஓடுபாதையை அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து விலகியிருக்கையில் அதன் இழுவிசை எடையில் ஏழில் ஒரு பங்கு என்றால், மட்டமாகப் பறக்கும்போது நொடிக்கு 2.7 நாட் வீதம் வேகம் குறையும். மிகுதியான 10 நாட்டும் நான்கு நொடிக்குள் தீர்ந்துவிடும். தரையருகில் இழுவிசை பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலோ நொடிக்கு 1.9 நாட்தான் குறையும். ஐந்து நொடிக்கு மேல் ஆகும். காற்றில்லாத நாளில் முதல் கணக்கில் ஏறத்தாழ 125 மீட்டரும், இரண்டாவதில் 175 மீட்டரும் ஓடுபாதை கழிந்துவிடும். இதிலிருந்து ஒன்று தெரிகிறது: மிதப்பின் பெரும்பகுதி விமானி கொண்டுவந்த மிகுவேகத்தால் வருவது, தரை அதை நீட்டிக்கொடுக்கிறது. சரியான வேகத்தில் வந்தவருக்கு மிதப்பு ஓரிரு நொடிதான், அதுவும் மென்மையாக இறங்க உதவியாகவே இருக்கும்.

மிதக்கும்போது கை செய்யத் துடிக்கும் தவறுகள் இரண்டு. பொறுமையிழந்து மூக்கைக் கீழே தள்ளினால், முன்சக்கரம் முதலில் மோதி விமானம் துள்ளும். அடுத்தடுத்த துள்ளல் மேலும் கடுமையாகி, முன்சக்கரத் தண்டே முறியலாம். அதற்கு அஞ்சி அதிகமாக இழுத்தாலோ, விமானம் மேலெழும்பி வேகத்தை இழந்து, சற்று உயரத்திலிருந்து தொப்பென்று விழும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு: வாலைக் கடக்கும் காற்றின் கீழ்ச்சாய்வும் தரையருகில் குறைவதால், மூக்கு தானாகவே சிறிது தாழ முற்படுகிறது. ஆகவே கட்டுப்பாட்டுத் தண்டை மெல்ல மெல்லப் பின்னோக்கி இழுத்து, உயரத்தை மாற்றாமல் வேகம் கரையக் காத்திருப்பதே முறை.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் சக்கரம் பதியாது என்று தெரிந்தால், முழு விசை கொடுத்து மீண்டும் மேலேறுவதே நல்லது. அப்போதும் அவசரப்பட்டு மூக்கைத் தூக்கக் கூடாது. தரையருகில் பறந்துவிட முடிந்த குறைந்த வேகத்தில், இழுவிசை மீண்டும் முழுதாகத் திரும்பும் உயரத்தில் அதே விமானம் ஏற முடியாமல் போகலாம். எனவே தரைக்கு இணையாகவே சற்றுத் தூரம் பறந்து, ஏறுவதற்குரிய வேகம் வந்த பிறகே உயரவேண்டும்.