முட்டை ஓட்டுத்தூளும் வெறும் மண்ணும்: பன்னிரண்டு குவளைகளில் ஒரு சோதனை

[காட்சி: தேக்காவில் ஒரு பரோட்டா கடை, கல்லுக்கு அருகே முட்டை ஓடுகள் நிறைந்த வாளி]

குரல்: இந்த ஓட்டின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் உள்ளதும் இதே பொருள்தான். 5 கிராம் எடையுள்ள ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால், ஓட்டில் இருப்பதெல்லாம் வேருக்குக் கிடைத்துவிடுவதில்லை. இப்பொருள் வெறும் தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். மண்ணில் உள்ள அமிலத்தோடு சேரும்போதுதான் நன்கு கரையத் தொடங்கும். கையால் நொறுக்கிப் போட்ட ஓடு நெடுங்காலம் அப்படியே கிடப்பதற்கு, அமிலம் தொடக்கூடிய பரப்பு அதில் குறைவாக இருப்பதே காரணம்.

[காட்சி: கொதிக்கும் ஓடுகள், மிக்ஸி, மாவுச் சல்லடை]

ஆகவே, ஓடுகளைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்கு உலர்த்தி, மாவு போல அரைத்துச் சலித்துக்கொள்கிறோம். அரைக்கும்போது முகக்கவசம் அணிவது நல்லது.

[காட்சி: வீவக தாழ்வாரத்தில் அரை லிட்டர் குவளைகள்]

ஒரே மண்ணை நன்றாகக் கலந்து பன்னிரண்டு குவளைகளில் நிரப்பி, ஆறில் மட்டும் குவளைக்கு 2 கிராம் தூள் சேர்த்து, எல்லாவற்றிலும் தண்டுக்கீரை விதைக்கிறோம். கடையில் வாங்கும் பூந்தொட்டிக் கலவையில் பெரும்பாலும் சுண்ணாம்பு ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும் என்பதால், அதில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். உரமிடாத செம்மண்ணே இச்சோதனைக்கு ஏற்றது. தாழ்வாரத்தில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்தே வருவதால், இரு வகைக் குவளைகளையும் கலந்து அடுக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றவேண்டும்.

முதல் வாரத்தில் நாற்று பெரும்பாலும் விதையில் இருந்த சேமிப்பைக் கொண்டே வளர்கிறது. அப்போது அளப்பதில் பயனில்லை. நான்காம் வாரத்தில் அளக்கலாம், ஆனால் உயரத்தை மட்டும் நம்பக்கூடாது. நிழலில் நிற்கும் நாற்று வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீளும். நெடிய நாற்று பலவீனமானதாகவும் இருக்கலாம். வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, காகிதத்தில் நன்கு உலர்த்தி, ஒவ்வொரு வகையிலும் ஆறு குவளைகளின் செடிகளையும் சேர்த்து நிறுத்தால் கிடைக்கும் எடையே நம்பத்தக்கது.

[காட்சி: இலைகள், அண்மைக் காட்சி]

கால்சியம் முதிர்ந்த இலையிலிருந்து இளந்தளிருக்கு எளிதில் நகராது. எனவே குறைபாடு இருந்தால் புதிய இலைகளே முதலில் சுருண்டு உருக்குலையும். மாறாக, தூள் இட்ட குவளைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளந்தளிர்கள் தோன்றினால், மண்ணின் அமிலம் அளவுக்கு மீறிக் குறைந்து, இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போயிருக்கக்கூடும்.

தூள் இட்ட செடிகள் கனமாக வந்தாலும் அதற்குக் கால்சியமே காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது, ஏனெனில் அமிலம் குறைந்ததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, மூன்றாவதாக ஆறு குவளைகளில் ஜிப்சம் இடவேண்டும். அது கால்சியம் தரும், ஆனால் அமிலத்தைப் போக்காது. ஜிப்சம் குவளைகள் வெறும் மண்ணைப் போலவே நின்று, ஓட்டுத்தூள் குவளைகள் மட்டும் முந்தினால், செடிக்கு உதவியது பெரும்பாலும் அமிலம் தணிந்ததுதான்.