நாப்பது வேலை விளம்பரமும் ஒரு சிஆர் கொப்பியும்

வணக்கம் நேயர்களே. நான் மட்டக்களப்பில கணக்குப் பகுதியில கன வருசமா வேலை செய்யிறன், ஆக்கள எடுக்கிற நேர்முகத் தேர்வுகள்லயும் இருந்திருக்கிறன். இண்டைக்கு ஒரு தங்கச்சிட கதையோட வந்திருக்கன். களுவாஞ்சிக்குடிப் பிள்ளை, ஏஎல் கொமர்ஸ் படிச்சிட்டு டவுண்ல ஒரு ஹாட்வெயார் கடையில அக்கவுண்ட்ஸ் கிளார்க். "அக்கா, அஞ்சு வருசத்தில ஒரு கொம்பனியில அக்கவுண்டனா இரிக்கணும், இப்ப என்ன கோர்ஸ் செய்யிற?" எண்டு கேட்டா. கோர்ஸ பிறகு பாப்பம், முதல்ல அந்த வேலைக்கு வாற விளம்பரத்தில நாப்பது சேத்துக்கொண்டு வாங்க எண்டன்.

ரெண்டு மாசத்தில சேத்திட்டா. முடிவுத் திகதி போனா விளம்பரம் இணையத்தில இல்லாமப் போயிரும், அதால கண்ட உடன ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கணும். நாப்பதில ஏழ நாங்க கழிச்சம். நாலு, ஒரே வேலைய கொம்பனியும் ஏஜென்சியும் தனித்தனியாப் போட்டது, கடமைகள் வரிக்கு வரி ஒண்டா இரிக்கிறதில பிடிபட்டிரும். மத்த மூண்டும் பேர்தான் அக்கவுண்டன், உள்ள பாத்தா காசாளர் வேலை. கடமையில வாற வினைச்சொல்லப் பாருங்க, உதவி செய்யிறது எண்டா கீழ்ப்படி, தயாரிக்கிறது எண்டா நடுப்படி, மாசக் கணக்க முடிச்சுக் குடுக்கிறது எண்டா அதுதான் அக்கவுண்டன்.

மிச்சம் முப்பத்திமூண்டு. சிஆர் கொப்பியில ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரி, கேட்கிற ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு நிரல், கட்டாயம் எண்டா முழுக்கோடு, இருந்தா நல்லம் எண்டா அரைக்கோடு. கூட்டிப் பாத்தா எக்செல் முப்பதில, இதே மாதிரி வேலையில மூண்டு வருச அனுபவம் இருபத்தஞ்சில, வங்கிக் கூற்ற புத்தகத்தோட ஒப்பிடுற வங்கிக் கணக்கு இணக்கம் இருபத்திநாலில, ஈபிஎஃப் ஈடிஎஃப் வேலை இருபதில, ஏஏடி மாதிரி ஒரு கணக்கியல் தகைமை அநேகமா எல்லாத்திலயும், சிங்களம் பன்னெண்டில, குவிக்புக்ஸ் எண்ட கணக்கு மென்பொருள் ஒம்பதில.

பிறகு ஒவ்வொரு நிரலுக்கும் நேர தனக்குத் தெரியுமா, தெரியாதா எண்டு எழுதச் சொன்னன். எக்செல் தெரியும் எண்டு சரி போட்டா. செய்து காட்டேலுமா எண்டு கேட்டன், கூட்டல் மட்டுந்தான் வந்திச்சு. விளம்பரத்தில கடமைப் பகுதிய வாசிச்சா அவங்க கேக்கிற எக்செல் வேற, கடன்காரர் ஆர் ஆர் முப்பது நாள், அறுவது நாள் தாண்டி நிக்கிறாங்க எண்டு பிரிச்சுக் காட்டுற பட்டியல். அதே பிள்ளை ஈபிஎஃப்ல தெரியாது எண்டு எழுதியிருந்தா, ஆனா கடையில மாசாமாசம் சம்பளத்தில எட்டு வீதம் கழிச்சு, முதலாளிட பன்னெண்டு வீதம் சேத்து, ஈடிஎஃப் மூண்டு வீதமும் கட்டுறது அவதான்! தினம் செய்யிற வேலை ஒரு தகுதி எண்டே அவக்குத் தெரியல்ல, எனக்கு மனசு கனத்திட்டு. அதால தெரியும், தெரியாது எண்டு எழுதாம, இதக் காட்ட என்னட்ட என்ன இரிக்கு எண்டு எழுதுங்க.

இனித் திட்டம். கோர்ஸ வைச்சுத் தொடங்கினா பிழைக்கும், ஏனெண்டா கோர்ஸ வேகமா முடிக்கலாம், அனுபவ வருசத்த வேகமாக்க ஏலாது. அஞ்சாம் வருசக் கடைசியில மூண்டு வருச அனுபவம் கையில இரிக்கணும் எண்டா, ரெண்டாம் வருசம் முடியக்குள்ள அசிஸ்டன்ட் அக்கவுண்டனா உக்காந்திரிக்கணும். அப்ப அந்த வேலைக்கு வேற ஒரு பதினைஞ்சு விளம்பரம் வாசிச்சம், அதுகள் கேட்டது ஏஏடி பாதி, வங்கி இணக்கம், குவிக்புக்ஸ்.

அதுதான் முதல் வருசம் ஏஏடிக்குப் பதியிறது, கடை முதலாளிட்டக் கேட்டு மாசக் கடைசி வங்கிக் கூற்ற கடைப் புத்தகத்தோட ஒப்பிடுற வேலைய தானே எடுக்கிறது, எக்செல்ல கடன்காரர் பட்டியலும் கடைக்கே செய்து குடுக்கிறது. ரெண்டாம் வருசம் குவிக்புக்ஸ், ரெண்டு மூண்டு மாசத்தில பழகலாம், பிறகு அப்ளை பண்றது. மூண்டில இருந்து அஞ்சு வரைக்கும் புது இடத்தில மாசக் கணக்கு முடிக்கிற வேலைக்குள்ள போறது, ஏஏடிய முடிக்கிறது. சிங்களம் மட்டும் முதல் நாளில இருந்து, அது மெதுவா வாறது.

ஒண்டு சொல்லணும், சேத்த விளம்பரம் அநேகம் கொழும்புப் பக்கம். நம்மட ஊர்க் கடைகளும் சின்னக் கொம்பனிகளும் ஆக்கள் சொல்லித்தான் எடுக்கிறாங்க, அதால இஞ்ச வேலை செய்யிற ரெண்டு அக்கவுண்டன்மாரிட்ட கொப்பியக் காட்டினம். குவிக்புக்ஸுக்கு அவங்க பெரிசா இடம் குடுக்கல்ல, வெட் வரிக் கணக்கு தெரியுமா எண்டுதான் கேட்டாங்க, அதுக்கு ஒரு நிரல் கூட்டினம். விளம்பரத்தில கேக்கிற எல்லாம் இரிந்தாத்தான் அப்ளை பண்ணலாம் எண்டும் இல்ல, முழுக்கோட்டில முக்கால்வாசி இரிந்தா அனுப்புங்க, நேர்முகத் தேர்வில நாங்க எடுத்த கனபேர் அப்பிடித்தான் வந்தவங்க.

வருசா வருசம் தை மாசத்தில புதுசா இருபது விளம்பரம் வாசிச்சு கோட்டத் திரும்பக் கூட்டணும். போன தையில அவட கொப்பியில வங்கி இணக்க நிரலுக்கு நேர ஆறு மாசக் கூற்றுட கொப்பி ஒட்டியிருந்தா, எல்லாம் அவவே சரிபாத்தது.