சோடியம் 170, உப்பு 1.5: எந்த பாக்கெட்டில் உப்பு குறைவு?

கேள்வி: "எனக்கு பிபி இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். ஒரு நொறுக்குத்தீனி பாக்கெட்டில் சோடியம் 170 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் உப்பு 1.5 கிராம் என்று போட்டிருக்கிறது. இரண்டில் எதில் உப்பு குறைவு? எப்படிக் கணக்குப் போட வேண்டும்? இரண்டு பாக்கெட்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்."

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பாக்கெட்டின் ஊட்டச்சத்து அட்டவணையில், 170 என்ற எண்ணுக்கு மேலே, மிகச் சிறிய எழுத்தில் "ஒரு பரிமாறும் அளவு 20 கிராம்" என்று இருக்கிறது. இரண்டாவதில் "100 கிராமுக்கு" என்று இருக்கிறது. எனவே அந்த 170 என்பது 20 கிராம் தீனியில் உள்ள சோடியம், இந்த 1.5 என்பது 100 கிராம் தீனியில் உள்ள உப்பு. பொருளும் வேறு, அளவும் வேறு. இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் எது குறைவு என்று சொல்ல முடியாது.

முதலில் சோடியத்தை உப்பாக மாற்றுவோம். நாம் சமையலில் போடும் உப்பு சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் சோடியம். ஆகவே சோடியத்தின் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்; உப்பின் அளவை 2.5 ஆல் வகுத்தால் சோடியம் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள்களில் "உப்பு" என்று அச்சிடுவதும் இதே 2.5 பெருக்கலில் வருவதுதான். அமெரிக்க லேபிள்களில் சோடியத்தையே மில்லிகிராமில் போடுகிறார்கள். 1000 மில்லிகிராம் ஒரு கிராம் என்பதைப் பெருக்கும்போது மறந்துவிடக் கூடாது. பெரும்பாலானோர் தடுமாறுவது 2.5 இல் அல்ல, இந்த இடத்தில்தான்.

இப்போது உங்கள் பாக்கெட்டுகளுக்கு வருவோம். முதலாவதில் 20 கிராமுக்கு 170 என்றால், 100 கிராமுக்கு ஐந்து மடங்கு, அதாவது 850 மில்லிகிராம் சோடியம். அதை 2.5 ஆல் பெருக்கினால் 2125 மில்லிகிராம், ஏறக்குறைய 2.1 கிராம் உப்பு. இரண்டாவதில் 100 கிராமுக்கு உப்பு 1.5 கிராம், அதைச் சோடியமாக்கினால் 600 மில்லிகிராம். ஆக, பார்த்தவுடன் சிறிய எண்ணாகத் தோன்றிய 170 தான் உண்மையில் உப்பு கூடுதலான பாக்கெட். ஒரே எடைக்கு ஒப்பிட்டால் இரண்டாவதுதான் குறைவு.

ஆனால் "இதைவிடக் குறைவு" என்பதும் "குறைந்த உப்பு" என்பதும் ஒன்றல்ல. பிரிட்டனில் பாக்கெட்டின் முகப்பில் போடும் வண்ணக் குறியீட்டை இதற்கு ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: 100 கிராம் உணவில் உப்பு 0.3 கிராமோ அதற்குக் கீழோ இருந்தால் பச்சை, 1.5 கிராமைத் தாண்டினால் சிவப்பு, இடையில் இருப்பது மஞ்சள். உங்கள் இரண்டாவது பாக்கெட் மஞ்சளின் கடைசி விளிம்பில் நிற்கிறது. முதலாவது சிவப்புக்குள் நன்றாகவே போய்விட்டது. கடையில் இன்னும் சில நிமிடம் செலவழிக்க முடிந்தால், இரண்டையும் வைத்துவிட்டு 100 கிராமுக்கு 0.3 கிராமை நெருங்கி வரும் ஒன்றை, உப்புப் போடாத கொட்டை வகை போன்றவற்றைத் தேடச் சொல்வேன்.

அடுத்து, நீங்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பது. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். எந்த பாக்கெட்டை வாங்குவது என்பதற்கு 100 கிராம் கணக்கு போதும். உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதற்கு அது போதாது. படத்தில் தெரிகிறபடி முதல் பாக்கெட்டின் நிகர எடை 60 கிராம். அதை ஒருவரே ஒரே மூச்சில் முடித்துவிடுவது வெகு சாதாரணம். அப்படிச் செய்தால் மூன்று பரிமாறல், 510 மில்லிகிராம் சோடியம். இரண்டாவது பாக்கெட் 150 கிராம். அது உப்பு குறைந்தது என்ற தைரியத்தில் முழுவதையும் காலி செய்தால் 900 மில்லிகிராம் சோடியம் உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழ், அதாவது 5 கிராம் உப்புக்குக் கீழ். மூன்று வேளை உணவில் சேரும் உப்பும் இதற்குள்தான் அடங்க வேண்டும். முதல் பாக்கெட் அந்த வரம்பில் கால் பங்கு, இரண்டாவது ஏறக்குறைய பாதி. ஆகவே இரண்டாவதை வாங்குங்கள். ஆனால் 30 கிராமைச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அது ஒரு கிண்ணத்தில் எவ்வளவு வருகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் 180 மில்லிகிராம் சோடியம்தான் இருக்கும். பிறகு பாக்கெட்டிலிருந்து நேராகச் சாப்பிடாமல், அந்த அளவைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு பாக்கெட்டை மூடி வைத்துவிடுங்கள்.

சேர்மானப் பட்டியலில் உப்போடு சமையல் சோடா, மோனோசோடியம் குளூட்டமேட் ஆகியவையும் இருப்பதைப் பார்த்து, அவற்றைத் தனியே கூட்ட வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. கூட்ட வேண்டாம். அட்டவணையில் உள்ள சோடியம் எண்ணில் இவை அனைத்திலிருந்தும் வரும் சோடியம் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கிறது. இந்தக் காரணத்தால்தான் நாக்கை நம்பக் கூடாது என்கிறேன். வறுவலில் உப்பு மேற்பரப்பில் தூவப்பட்டிருப்பதால் வாயில் வைத்தவுடன் கரிக்கிறது. பிஸ்கட்டிலோ அது மாவுக்குள் கலந்திருக்கிறது, மாவை உப்பவைக்கப் போட்ட சோடாவின் சோடியமும் சேர்ந்திருக்கிறது, மேலே சர்க்கரையும் மறைத்துவிடுகிறது. இனிப்பு பிஸ்கட்தானே என்று அட்டவணையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "சோடியம் குறைக்கப்பட்டது" என்ற வாசகத்தையும் இதே கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, வழக்கமான தயாரிப்பைவிட 25 சதவீதம் குறைந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் முதல் பாக்கெட்டுக்கு அப்படி ஒரு வகை வந்தால், 100 கிராமுக்கு 850 என்பது ஏறத்தாழ 640 ஆகும். அப்போதும் எந்த வாசகமும் இல்லாத உங்கள் இரண்டாவது பாக்கெட்டைவிட அது கூடுதல்தான்.

நீங்கள் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோடியத்தைக் குறைத்த சில தயாரிப்புகளில் உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். சேர்மானப் பட்டியலில் அந்தப் பெயரிலோ, 508 என்ற சேர்க்கை எண்ணிலோ இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இது பொதுவாகத் தொல்லை தராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ராமிபிரில், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடலாம். அது இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியது, பெரும்பாலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாது. உங்கள் மாத்திரை அட்டையில் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால், அப்படிப்பட்ட தீனியையோ பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையோ வழக்கமாக்கிக்கொள்வதற்கு முன், உங்கள் மருத்துவரிடம் அந்த பாக்கெட்டைக் காட்டி, இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.