தடையாணையை மீறலாமா? இரண்டு சட்ட மாணவர்களின் வாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

மக்கள் வாக்களித்து அமைத்த ஆட்சியில் ஒரு சட்டத்தைத் தெரிந்தே மீறுவது நியாயமாகுமா? இந்தக் கேள்வியை இரண்டு மாணவர்களிடம் கொடுத்து வாதாட விடுகிறேன். ஒருவர் சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் அரசி. இன்னொருவன் அதே கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் சலீம். இருவரும் கற்பனை. ஆனால் அவர்கள் பேசும் வழக்கு நிஜம். 1963 ஏப்ரலில், அமெரிக்காவின் ஆலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரில் நடந்தது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்நகரில் ஊர்வலம் போவதற்கு நகர ஆணையத்தின் அனுமதி வேண்டும். பொதுநலன், அமைதி, ஒழுக்கம், வசதி ஆகியவற்றுக்குக் கேடு என்று ஆணையம் கருதினால் மறுத்துவிடலாம். எதை வைத்து அப்படிக் கருதுவது என்பதற்கு அந்த விதியில் அளவுகோல் எதுவும் கிடையாது. ஏப்ரல் 3 அன்று, இனப் பிரிவினையை எதிர்த்துப் போராடிய கறுப்பின மக்களின் சார்பாக ஒரு பெண்மணி அனுமதி கேட்டுப் போனார். காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்த ஆணையர் புல் கானர், அனுமதி கிடையாது, சிறைக்குத்தான் அனுப்புவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத் தந்தி அடித்தும் கேட்டுப் பார்த்தார்கள். பயனில்லை.

ஏப்ரல் 10 இரவு நகர நிர்வாகம் மாநில நீதிபதி ஒருவரிடம் போனது. எதிர்த்தரப்பைக் கூப்பிடாமலே அவர் தடையாணை பிறப்பித்தார். 139 பேரும் இரண்டு அமைப்புகளும் அனுமதியில்லாமல் ஊர்வலம் போகக் கூடாது என்பது ஆணை. மறுநாள் விடிவதற்குள் அது மார்ட்டின் லூதர் கிங்கின் கைக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 12, புனித வெள்ளி. அன்று அவர் ஊர்வலம் போனார். கைதானார்.

இனி அவர்கள் பேசட்டும். சலீம் நேராக விஷயத்துக்கு வருகிறான்.

"அக்கா, எனக்கு கிங் மேல மரியாதை உண்டு. ஆனா இங்க அவர் மீறினது வெறும் ஊர்வல விதிய இல்ல, நீதிமன்ற ஆணைய. நீதிபதி தப்பா ஆணை போட்டா அத ரத்து பண்ணச் சொல்லி மனு போடணும், இல்லனா மேல்முறையீடு போகணும். ஜனநாயகத்துல அதுக்குத்தான வழி வெச்சிருக்கு? வியாழக்கிழமை முழுசா ஒரு நாள் கையில இருந்தது. ஒரு மனுகூட போடல."

அரசி இதை மறுக்கவில்லை. "மனு போடலங்கிறது உண்மைதான். ஏன் போடலன்னு பாரு. அதே ஆலபாமாவுல 1956-ல என்.ஏ.ஏ.சி.பி.ங்கிற உரிமை அமைப்பு மேல இதே மாதிரி, எதிர்த்தரப்பக் கேக்காமலே ஒரு தடையாணை போட்டாங்க. மாநிலத்துக்குள்ள இயங்கவே கூடாதுன்னு. அவங்க உன் வழியிலதான் போனாங்க. 1958-ல உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சாங்க. மாநில நீதிமன்றம் வேற காரணம் சொல்லி இழுத்தது. திரும்பத் திரும்ப வாஷிங்டனுக்குப் போய், கடைசியா 1964-லதான் தடை ஒழிஞ்சது. எட்டு வருஷம், சலீம். பர்மிங்காம்ல ஈஸ்டர் வியாபாரத்த ஒட்டித்தான் கடைப் புறக்கணிப்பு நடந்துட்டிருந்தது. எட்டு வருஷம் கழிச்சு ஊர்வலம் போய் என்ன பண்றது?"

இந்த வாதத்தின் கனத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். எல்லா வழிகளும் அடைபட்ட பிறகே சட்டமறுப்பு என்று பாடநூல்களில் எழுதிவிடலாம். ஒரு வழி அடைபட்டிருக்கிறதா, அல்லது மெதுவாகத் திறக்கிறதா என்பதை யார் எப்போது முடிவு செய்வது? போராட்டத்துக்கு ஒரு காலம் உண்டு. அது தவறிய பிறகு கிடைக்கும் தீர்ப்பில் உரிமை இருக்கும், போராட்டம் இருக்காது.

சலீம் விடவில்லை. "அம்பேத்கர் என்ன சொன்னார்க்கா? 1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபையில. அரசியலமைப்பு வழி இல்லாத காலத்துல மத்த வழிகளுக்கு நியாயம் இருந்தது, இனிமே அந்த வழி திறந்திருக்கு, அதனால சட்டமறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாத்தையும் விட்டுடணும்னார். அராஜகத்துக்கு இலக்கணம்னே சொன்னார். சொன்னதோட நிக்கல. 1927 மார்ச்ல, தீண்டாமையால தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாடு குளத்துல தண்ணி குடிச்சவர், டிசம்பர்ல திரும்பி வந்தப்ப நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டிருந்தது. ஆயிரக்கணக்குல ஜனங்க கூடியிருந்தும் தடைய மதிச்சு, தண்ணி எடுக்காம நிறுத்திக்கிட்டார். வழக்க நடத்தினார். ஜெயிச்சார்."

"எப்ப ஜெயிச்சார்?"

"1937-ல."

"பத்து வருஷம் ஆச்சு பாத்தியா? ஆனா உன் வாதத்துல உண்மை இருக்கு. மகாட்ல அவர் நின்னது தோத்துப்போனதால இல்ல. குளம் எல்லாருக்கும் பொதுன்னு நகராட்சியே ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. சட்டம் தன் பக்கம் இருக்குன்னு அவருக்குத் தெரியும். எதிராளி சாதி இந்துக்கள். அரசாங்கத்தையும் பகைச்சுக்க வேணாம்னு கணக்குப் போட்டார். பர்மிங்காம்ல எதிராளியே அரசாங்கம்தான். அனுமதி தர மாட்டேன்னவங்களே நீதிமன்றத்துக்குப் போய், அனுமதி இல்லாம போகக் கூடாதுன்னு ஆணை வாங்கிட்டு வர்றாங்க. அப்புறம் 1949 பேச்சு. வழி திறந்திருந்தாங்கிறதுதான் அதுல நிபந்தனை. ஆலபாமாவுல லவுண்ட்ஸ்னு ஒரு மாவட்டம். அங்க கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. 1965 பிறந்தப்ப அவங்கள்ல ஒருத்தர் பேர்கூட வாக்காளர் பட்டியல்ல இல்ல. ஓட்டே இல்லாதவங்ககிட்டப் போய், சட்டம் பிடிக்கலன்னா தேர்தல்ல மாத்திக்கோங்கன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"பர்மிங்காம் நகரத்துல கறுப்பின மக்கள் ஓட்டு கொஞ்சமாவது இருந்ததேக்கா. ஏப்ரல் 2-ம் தேதி மேயர் தேர்தல்ல கானர் தோத்துப்போனார். புது மேயர் பொறுப்பேத்துக்கட்டும்னு கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?"

"புது மேயர் பௌட்வெல் குரல் உயர்த்தாம பேசுவார். ஆனா அவரும் இனப் பிரிவினைய விட்டுக்கொடுக்காத ஆள்தான். பழைய ஆணையமோ நாற்காலிய விட மாட்டேன்னு வழக்குப் போட்டுட்டு உக்காந்திருந்தது. அது தீர மே மாசக் கடைசி ஆச்சு."

இந்த இடத்தில் சலீம் தன்னிடமிருந்த கூர்மையான கேள்வியை எடுக்கிறான். என் பார்வையில் மொத்த விவாதத்திலும் இதுதான் கடினமானது.

"சரி. அதே 1963, ஜூன் 11. அதே ஆலபாமா. ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக வாசல்ல போய் நிக்கறார். ரெண்டு கறுப்பின மாணவர்கள உள்ள விட மாட்டேங்கிறார். அவங்கள சேக்கணும்கிறது கூட்டாட்சி நீதிமன்ற உத்தரவு. அவரும் தன் கொள்கைக்காக நிக்கறேன்னுதான் சொன்னார். கிங் மீறினா சட்டமறுப்பு, வாலஸ் மீறினா அடாவடியா? ரெண்டு பேருக்கும் ஒரே அளவுகோல் வேணாமா?"

அரசி சற்று யோசித்துத்தான் பதில் சொல்கிறார். "வேணும். மனசாட்சின்னு சொல்றது போதாது, அது ரெண்டு பேருக்கும் பொது. தண்டனைய ஏத்துக்கறதும் தனியா போதாது. வாலஸ் ஒரு நாள் ஜெயிலுக்குப் போயிருந்தாலும் அவர் செஞ்சது சரியாயிருக்காது. ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, என்ன கேக்கறாங்க? மத்தவங்களுக்கு இருக்கற உரிமை எங்களுக்கும் வேணும்னு கிங் கேட்டார். இருக்கற உரிமைய அந்த ரெண்டு மாணவர்களுக்கும் கொடுக்காதேன்னு வாலஸ் கேட்டார். அரசியல் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் சொன்னதும் இதுதான். பெரும்பான்மை தானே ஏத்துக்கிட்ட நீதிய அதுக்கே நினைவுபடுத்தற செயல்தான் சட்டமறுப்பு. இன்னொண்ணு, கையில என்ன இருக்கு? வாலஸ் கையில மாநில அதிகாரம் இருந்தது. மேல்முறையீடு, சட்டமன்றம், போலீஸ் எல்லாமே அவர்கிட்ட. வேற வழியில்லன்னு சொல்ல அவருக்கு வாயே கிடையாது."

"நீதிபதிக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டாமாக்கா? மீறினவன் கேட்டது நல்லதா கெட்டதான்னு பாத்துத் தண்டன குடுக்க ஆரம்பிச்சா, அந்த நீதிபதிய நாளைக்கு யார் நம்புவா?"

சலீமின் இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது, அதுவும் இரண்டு முறை. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, பாட்டர் ஸ்டூவர்ட்.

முதலாவது, தடையாணையை மீறிய வழக்கு. கிங் உட்பட எட்டுப் பேருக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக ஆளுக்கு ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தன. 1967-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. ஊர்வல விதியும் தடையாணையும் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என்ற ஐயத்தை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஆணையை முதலில் எதிர்க்காமல் மீறியவர், அது செல்லாது என்று பிறகு வாதிட முடியாது என்றது. இவர்கள் ஆலபாமா நீதிமன்றங்களுக்குப் போயிருந்து, அங்கே இழுத்தடிக்கப்பட்டிருந்தால் வழக்கின் நிலையே வேறாக இருந்திருக்கும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த வியாழக்கிழமை ஒரு தாள் மனு கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை நடந்திருந்தால், சொல்வதற்கு ஒரு வாதமாவது கையில் இருந்திருக்கும்.

இரண்டாவது, ஊர்வல விதியை மீறிய வழக்கு. அதே புனித வெள்ளி, அதே ஊர்வலம். எட்டுப் பேரில் ஒருவரான பாதிரியார் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த் மீது தனியாகப் போட்டது. அனுமதியில்லாமல் போன குற்றத்துக்கு 90 நாள் கடுங்காவல், அபராதம் கட்டாவிட்டால் மேலும் 48 நாள். 52 பேர், நடைபாதையில், நான்கு தெரு அளவு தூரம் நடந்திருந்தார்கள். 1969-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அளவுகோல் இல்லாத அனுமதி விதி செல்லாது, அப்படிப்பட்ட விதியைப் பொருட்படுத்தாமல் போகலாம் என்றது.

ஆக, ஒரே நடைக்காக ஒரே மனிதருக்கு ஒரு வழக்கில் தோல்வி, இன்னொன்றில் வெற்றி. செல்லாத விதியை மீறிவிட்டு, பிறகு நீதிமன்றத்தில் நின்று நியாயம் கேட்கலாம். அதே விதியை ஒரு நீதிபதி தன் ஆணையாக எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்க முடியாது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த மோசமான விதிக்கும் நீதிமன்ற முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்ற குறுக்கு வழியை இது அதிகாரிகளுக்குத் திறந்து கொடுக்கிறது. மாறுபட்ட நான்கு நீதிபதிகளும் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

சலீம் கடைசியாகச் சொல்வது இது. "அவர் செஞ்சது நியாயம்னு ஒத்துக்கறேன்க்கா. தண்டன குடுத்தது தப்புன்னு ஒத்துக்க மாட்டேன். 1967 அக்டோபர்ல அந்தத் தண்டனைய அனுபவிக்க அவர் திரும்ப ஆலபாமாவுக்கு வந்தார். தண்டனைக்குத் தயாரா, ஒளிவுமறைவு இல்லாம மீறணும்னு 1963-ல பர்மிங்காம் சிறையிலேர்ந்து எழுதின கடிதத்துல அவரே சொல்லியிருக்கார்."

"மீறினவன் தண்டனைக்குத் தயாரா இருக்கணும். அது அவனோட கடமை" என்கிறார் அரசி. "செல்லாத விதிக்காகத் தண்டிக்காம இருக்கறது நீதிமன்றத்தோட கடமை. அவர் தன் கடமைய செஞ்சார்ங்கறதுக்காக நீதிமன்றம் தன்னோடத செய்யாம விட்டது சரியாயிடாது, சலீம்."

வணக்கம்.